சாவடி எப்போது மூடும்?

நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்களுள் ‘பிரெவே’ ஒரு வகை. இது பந்தயம் அன்று. முதலில் வருபவருக்குத் தனிப் பரிசு கிடையாது. ஆனால், வழியில் உள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் அது மூடுவதற்குள் அடைந்து, அட்டையில் முத்திரை பெற வேண்டும். பாரிசில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி, 200 கிலோமீட்டர் பயணத்தை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

சாவடி மூடும் நேரத்தை நாமே கணக்கிடலாம். குறைந்தபட்சச் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம். தூரத்தை நான்கால் பெருக்கினால் போதும், கால்குலேட்டர் வேண்டியதில்லை.

முதல் 60 கிலோமீட்டருக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே கிலோமீட்டருக்கு 3 நிமிடம் என்று கணக்கிட்டு, அதனுடன் ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். ஏன் இந்தச் சலுகை? புறப்படும் இடத்துச் சாவடி ஒரு மணி நேரம் திறந்திருக்கும். நான்கால் மட்டும் பெருக்கினால், 10ஆவது கிலோமீட்டரில் உள்ள சாவடி 40 நிமிடத்திலேயே மூடிவிடும். கடைசி நேரத்தில் புறப்பட்டவர் என்ன செய்வார்? 60ஆவது கிலோமீட்டரில் இரண்டு கணக்குகளும் 4 மணி நேரம் என ஒன்றாகிவிடுகின்றன.

காலை மணி 6.00க்குத் தொடங்கும் 200 கிலோமீட்டர் பயணம் ஒன்றைப் பார்ப்போம். 50ஆவது கிலோமீட்டரில் உள்ள சாவடி 150 நிமிடமும் ஒரு மணி நேரமும் கழிந்து, காலை மணி 9.30க்கு மூடும். 110ஆவது கிலோமீட்டரில் உள்ளது 440 நிமிடத்தில், பிற்பகல் மணி 1.20க்கு மூடும். 155ஆவது கிலோமீட்டரில் உள்ளது மாலை மணி 4.20க்கு மூடும். இறுதிச் சாவடிக்கு மட்டும் பெருக்கல் பொருந்தாது. 800 நிமிடம் என்பது 13 மணி 20 நிமிடம்தான். விதியோ 10 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. எனவே, அது இரவு மணி 7.30க்கு மூடும்.

இந்த வேகத்தில் ஓய்வும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சாப்பிடும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒருவர் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் மிதித்து, 110ஆவது கிலோமீட்டரைக் காலை மணி 11.00க்கே அடைகிறார். அவரிடம் 2 மணி 20 நிமிடம் கையிருப்பு உள்ளது. அந்தத் தைரியத்தில் 75 நிமிடம் இளைப்பாறி, 12.15க்குப் புறப்படுகிறார். எதிர்க்காற்றால் வேகம் 12ஆகக் குறைகிறது. அடுத்த 45 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 45 நிமிடம் ஆகிறது. மாலை மணி 4.00க்குச் சாவடியைச் சேரும்போது கையிருப்பு 20 நிமிடம்தான். வேகம் 15க்குக் கீழே இருக்கும்வரை ஒவ்வொரு கிலோமீட்டரும் கையிருப்பைக் கரைக்கும்.

அங்கே பத்து நிமிடம் நின்று, அதே வேகத்தில் மீதி 45 கிலோமீட்டரையும் கடந்தால் இரவு மணி 7.55 ஆகிவிடும். சாவடி அதற்கு முன்பே மூடியிருக்கும். நண்பகல் ஓய்வை 45 நிமிடத்தில் முடித்திருந்தால், அதே எதிர்க்காற்றிலும் 7.25க்கு வந்து முத்திரை பெற்றிருப்பார்.