தொடர் பாடங்களுக்குப் பெயரிடல்: வரிசையும் விடயமும் தொடரின் பெயரும் தெளிவாக இருத்தல்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கோப்புகளையும் கோப்புறைகளையும் பற்றிக் கற்றிருப்பீர்கள். செயற்றிட்டத்திற்காகக் காணொளிப் பாடங்களைத் தயாரிக்கும் மாணவர்களும் உங்களுள் இருப்பீர்கள். ஒரே ஒரு காணொளி என்றால் அதற்கு எப்பெயரை வைத்தாலும் சமாளிக்கலாம். பத்துப் பகுதிகளைக் கொண்ட தொடர் என்றால் அப்படிச் சமாளிக்க முடியாது. அத்தகைய தொடருக்கு எவ்வாறு பெயரிடுவது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் படிப்படியாக நோக்குவோம்.

உதாரணம்

ஒரு பாடசாலையின் கணினிக் கழகம், சாதாரண தர மாணவர்களுக்காக எண் முறைமைகள் பற்றிப் பத்துக் காணொளிகளைத் தயாரித்தது என வைத்துக்கொள்வோம். பகுதி 1 அறிமுகம். பகுதி 2 துவித எண்ணைத் தசம எண்ணாக மாற்றுவது. பகுதி 3 தசம எண்ணைத் துவித எண்ணாக மாற்றுவது. பகுதி 10 கடந்தகால வினாக்கள். கோப்புகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள், ஒரு சாதனத்தில் பின்வருமாறு ஒழுங்காகின:

```
Lesson 1.mp4
Lesson 10.mp4
Lesson 2.mp4
Lesson 3 final.mp4
```

முதலாவது பாடத்தின் பின் பத்தாவது பாடம் வந்துவிட்டது. எனவே வரிசைப்படி பார்க்கும் மாணவன், மாற்றும் முறையைக் கற்கும் முன்னரே கடந்தகால வினாக்களைச் சந்திக்கின்றான். விளங்காததால் "எனக்கு இது வராது" என்று விட்டுவிடவும் கூடும். பிழை அவனிடம் இல்லை, கோப்பின் பெயரில் உள்ளது.

1. வரிசை ஏன் குழம்புகின்றது?

பல மென்பொருள்கள் பெயர்களை ஒழுங்குபடுத்தும்போது எண்ணின் பெறுமானத்தைப் பார்ப்பதில்லை. இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்துருவாக ஒப்பிடுகின்றன. ஆஸ்கி குறிமுறையில் 1 என்னும் இலக்கத்தின் குறி 49, 2 என்னும் இலக்கத்தின் குறி 50. "10" இன் முதல் எழுத்துரு 1 ஆகவும் "2" இன் முதல் எழுத்துரு 2 ஆகவும் இருப்பதால், அவ்விடத்திலேயே ஒப்பீடு முடிந்து "10" முன்னே போய்விடுகின்றது.

இங்கே ஒரு விடயத்தை அவதானிக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டு விண்டோஸ் கோப்புறைச் சாளரம் எண்களைப் பெறுமானப்படி ஒழுங்குபடுத்துகின்றது. ஆகவே தயாரித்தவரின் கணினியில் வரிசை சரியாகவே தெரியும். அதே கோப்புகளை வேறொரு சாதனத்தில் இயக்கும்போதுதான் வழு வெளிப்படலாம். "என் கணினியில் சரியாக உள்ளது" என்பது போதிய சோதனை ஆகாது.

தீர்வு எளிது. ஓரிலக்க எண்களுக்கு முன்னால் பூச்சியம் இட்டு, எல்லா எண்களையும் ஒரே நீளமுடையனவாக்குங்கள்: 01, 02, 03 … 10. இப்போது 0 ஐயும் 1 ஐயும் ஒப்பிடும்போதே 02 ஆனது 10 இற்கு முன்னால் வந்துவிடும். தொடர் நூறு பகுதிகளை எட்டும் என்றால் 001 எனத் தொடங்க வேண்டும்.

2. கோப்பின் பெயர்: தொடர், எண், விடயம்

கோப்பின் பெயரில் முதலில் தொடரின் குறும்பெயர், அடுத்து எண், கடைசியில் விடயம் என்னும் ஒழுங்கு பொருத்தமானது.

```
NumSys_01_Arimugam.mp4
NumSys_02_ThuvithamThasamam.mp4
NumSys_03_ThasamamThuvitham.mp4
NumSys_10_KadanthakalaVinakkal.mp4
```

தொடரின் பெயரை ஏன் முன்னால் வைக்கின்றோம்? தரவிறக்கிய கோப்புகள் யாவும் ஒரே கோப்புறையில் வேறு பாடக் கோப்புகளுடன் கலந்து கிடக்கும். பெயர்ப்படி ஒழுங்குபடுத்தும்போது ஒரே தொடக்கம் உடையவை ஒன்றாகச் சேரும். அவற்றுள் அடுத்ததாக வரும் எண் வரிசையை நிர்ணயிக்கும். எண்ணை முன்னால் வைத்தால், விஞ்ஞானத்தின் 03 உம் கணினியின் 03 உம் அருகருகே வந்து குழப்பும்.

இடைவெளிக்குப் பதிலாகக் கீழ்க்கோடு இட்டிருப்பதையும் கவனியுங்கள். இணைய முகவரியில் இடைவெளியானது %20 என மாறித் தோன்றும். மேலும் விண்டோஸ் கோப்புப் பெயரில் / : ? * போன்ற குறிகளை ஏற்பதில்லை. ஆகவே "3/10" என்று கோப்புக்குப் பெயரிட முடியாது. "final" போன்ற சொற்களையும் நீக்கிவிடுங்கள். அது தயாரித்தவருக்கு மட்டுமே பொருள் தரும்.

3. தேடலில் தோன்றும் தலைப்பு: விடயம், தொடர், எண்

இனி அதே காணொளியை யூடியூப் தளத்தில் பதிவேற்றுகின்றோம். அங்கே இடும் தலைப்பு கோப்பின் பெயரிலிருந்து வேறுபட வேண்டும். கோப்புறையில் பத்துக் கோப்புகளும் வரிசையாகத் தெரியும். தேடல் முடிவிலோ பொருத்தமானவை முன்னால் வருமே தவிர, பகுதி எண்ணின் வரிசையில் வருவதில்லை. பெரும்பாலும் ஒரு பகுதி மட்டும், பிறருடைய காணொளிகளுக்கு நடுவே தனியாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு தலைப்பும் தனித்து நின்றே பொருள் தர வேண்டும்.

கழகம் முதலில் இட்ட தலைப்பு "பாடம் 3 – வாருங்கள் பார்ப்போம்" என்பதாகும். மாணவர் தேடும்போது "தசம எண் துவித எண்" என்றே தட்டச்சுச் செய்வார். அச்சொற்களுள் ஒன்றேனும் இத்தலைப்பில் இல்லை.

இரண்டாவது முயற்சி: "சா.த. எண் முறைமைகள் 03 | தசம எண்ணைத் துவித எண்ணாக மாற்றல்". இதில் தேவையான சொற்கள் யாவும் உள்ளன. ஆனால் யூடியூப் ஒரு தலைப்பில் 100 எழுத்துருக்கள் வரை அனுமதித்தாலும், கையடக்கத் தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் நீண்ட தலைப்பின் பிற்பகுதி வெட்டுப்படும். அப்போது பத்துப் பகுதிகளும் "சா.த. எண் முறைமைகள்…" என்றே தோன்றும். எது எந்த விடயம் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். தவறான பகுதியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மாணவரின் டேட்டா வீணாகும்.

மூன்றாவது முயற்சி: "தசமத்தைத் துவிதமாக்கல் | சா.த. எண் முறைமைகள் 03". விடயம் முன்னால் வந்துவிட்டது. அதனைச் சுருக்கியதால் பின்னால் உள்ள எண்ணும் வெட்டுப்படும் வாய்ப்புக் குறைந்துள்ளது. எண்ணைத் தொடரின் பெயருடன் ஒட்டி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: "03" என்பது தனியே எதனையும் குறிக்காது, எந்தத் தொடரின் 03 என்பதே முக்கியம். பதிவேற்றியபின் தொலைபேசியில் தேடிப் பாருங்கள். எண் மறைந்திருந்தால் விடயத்தின் சொற்களை இன்னும் சுருக்குங்கள்.

முகப்புப் படத்தில் எண்ணைப் பெரிதாக எழுதுவது பார்ப்பவருக்கு உதவும். எனினும் அதனைத் தலைப்பின் சொற்களுக்குப் பதிலாகக் கொள்ளலாகாது. பத்தையும் ஒரே காணொளிப் பட்டியலில் சேர்த்து, பட்டியலுக்கும் தொடரின் பெயரையே இடுங்கள். ஒரு பகுதியைக் கண்டடைந்தவர் முதற்பகுதிக்குப் போக அதுவே வழியாகும்.

4. ஒரே பெயர், ஒரே எழுத்து

நாம் "தொழினுட்பம்" என எழுதுவோம், வேறு சிலர் "தொழில்நுட்பம்" என எழுதுவர். வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு எழுத்துருத் தொடர்கள். பகுதி 1 இல் ஒரு வடிவத்தையும் பகுதி 5 இல் மற்றதையும் இட்டால், தொடரின் பெயரால் தேடுபவருக்குச் சில பகுதிகள் கிடைக்காமல் போகலாம். எனவே தொடரின் பெயரை ஒருமுறை தீர்மானித்து, ஒவ்வொரு தடவையும் பிரதி செய்து ஒட்டுங்கள்.

கலைச்சொல்லிலும் வேறுபாடு உண்டு. நாம் துவித எண் என்பதைத் தமிழ்நாட்டில் இரும எண் என்பர். சிலர் `binary` என்றே தேடுவர். தலைப்பில் பாடநூற் சொல்லை மட்டும் வைத்து, ஏனைய சொற்களைக் காணொளியின் கீழுள்ள விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் தலைப்பை யூனிகோட்டிலேயே இட வேண்டும். பாமினியில் "தமிழ்" என்பது உண்மையில் `jkpo;` என்றே சேமிக்கப்படுகின்றது. தலைப்பிலும் அவ்வாறே தோன்றும். தமிழ்ச் சொல்லால் தேடுபவருக்கு அது அகப்படாது.

5. இடையில் ஒரு பாடம் சேர்ந்தால்?

பத்துப் பகுதிகளும் வெளியான பின், பகுதி 3 இற்கு மேலும் ஒரு பயிற்சி தேவை எனத் தெரிகின்றது. அதனைப் பகுதி 4 ஆக்கிப் பழைய 4 ஐ 5 ஆக மாற்றத் தோன்றும். அவ்வாறு செய்யலாகாது. "வீட்டில் பகுதி 7 ஐப் பாருங்கள்" என்று ஆசிரியர் கொடுத்த குறிப்பு ஏற்கனவே மாணவர் கொப்பியில் உள்ளது. எண் மாறினால் அக்குறிப்பு வேறொரு பாடத்தைக் காட்டும். புதியதற்கு 11 என்னும் அடுத்த எண்ணைக் கொடுத்து, "தசமத்தைத் துவிதமாக்கல்: மேலதிகப் பயிற்சி | சா.த. எண் முறைமைகள் 11" எனப் பெயரிடுங்கள். காணொளிப் பட்டியலில் மட்டும் அதனை 03 இன் பின் நகர்த்தி வைக்கலாம். இதே காரணத்தால், மொத்தம் உறுதியாகத் தெரியாதபோது "3/10" எனத் தலைப்பில் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். பகுதி 11 சேர்ந்தவுடன் பத்துத் தலைப்புகளையும் திருத்த நேரிடும்.

மாதிரி வினா

பன்னிரண்டு பகுதிகளைக் கொண்ட விரிதாள் தொடரொன்றில், சராசரி காணல் பற்றிய நான்காம் பகுதியின் கோப்புப் பெயர் `sheet4 new.mp4`. அதன் தேடல் தலைப்பு "விரிதாள் தொடர்ச்சி". இவற்றிலுள்ள குறைபாடுகள் மூன்றைக் குறிப்பிட்டு, இரு பெயர்களையும் திருத்தி எழுதுக.

விடை

(i) தொடரில் 12 பகுதிகள் இருப்பதால் 4 என்னும் எண் ஈரிலக்கமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் எழுத்துருப்படி ஒழுங்குபடுத்தும்போது 10, 11, 12 ஆகியன அதற்கு முன்னால் வரும்.

(ii) சராசரி காணல் என்னும் விடயம் இரு பெயர்களிலும் இல்லை. "new" என்பது விடயத்தைக் குறிக்காது.

(iii) "தொடர்ச்சி" என்பது எத்தனையாவது பகுதி எனக் காட்டாது. தேடலில் தனியே தோன்றும்போது எதன் தொடர்ச்சி என்பதும் தெரியாது.

திருத்திய கோப்புப் பெயர்: `Virithal_04_Sarasari.mp4`

திருத்திய தலைப்பு: சராசரி காணல் | சா.த. விரிதாள் 04