துபாய் சம்பளமும் கரையான்சாவடி வட்டியும்

கரையான்சாவடியிலும் குமணன்சாவடியிலும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத தெருவைத் தேட வேண்டும். மெட்ரோ வேலை தொடங்கி நிலத்தின் விலை ஏறியதும் அப்பா ஒரு மனையை விற்கிறார். பணம் துபாயில் இருக்கும் மகன் பெயரில் வங்கியில் டெபாசிட் ஆகிறது. மூன்று மாதம் கழித்து வட்டி வரும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. “வங்கியில ஏமாத்திட்டாங்கப்பா” என்று பெரியவர் பதறுகிறார். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி அந்தக் குடும்பத்துக்கே சேர வேண்டியது. அது கைக்கு வராமல் போவதற்குச் சில தவறான நம்பிக்கைகளே காரணம்.

“வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தியாவில் வரி கிடையாது”

துபாயில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்பது சரி. ஆனால் இந்த மண்ணில் விளையும் வட்டிக்கும் வாடகைக்கும் வரி உண்டு. வெளிநாட்டில் வசிப்பவர் விஷயத்தில் வருமானம் எங்கே பிறக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

குழப்பம் கணக்கின் பெயரில் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் என்.ஆர்.இ. கணக்கில் இருந்தால் அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. மனை விற்ற பணம் போல இங்கேயே உண்டான பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும். அதன் வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே டி.டி.எஸ். பிடிப்பார்கள். 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. அந்தப் படிவம் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே உரியது. என்.ஆர்.ஐ. பெயரில் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி ஆகிவிடும்.

“துபாயில் வருமான வரியே இல்லை, பிறகு இரட்டை வரி ஒப்பந்தம் எதற்கு?”

நன்றாகப் படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். ஒரு காலத்தில் இதற்கு ஆதாரமும் இருந்தது. இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 1992இல் கையெழுத்தாகி 1993இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே தனிநபருக்கு வரியே இல்லாதபோது தவிர்ப்பதற்கு இரட்டை வரி எங்கே என்று கேட்டு, சிரில் யூஜீன் பெரைரா என்பவரின் வழக்கில் முன்தீர்ப்பு ஆணையம் 1999இல் சலுகையை மறுத்தது. 2003இல் ஆசாதி பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. அது மொரீஷியஸ் ஒப்பந்தம் பற்றிய வழக்கு. உண்மையில் வரி கட்டியிருக்க வேண்டும் என்பது தேவையில்லை, வரி விதிக்கும் உரிமை அந்த நாட்டுக்கு இருந்தாலே போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அமீரகத்தைப் பொறுத்தவரை 2007இல் ஒப்பந்தத்தையே திருத்தி இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டார்கள். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 183 நாளாவது அங்கே இருந்த தனிநபர் அந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவார். வரி கட்டினாரா என்ற கேள்வியே அதில் இல்லை. அப்படிப்பட்டவரின் வங்கி டெபாசிட் வட்டிக்கு இந்தியா போடக்கூடிய வரியின் உச்சவரம்பு 12.5 சதவீதம். இது நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவில் இருப்பவருக்கு 10, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவருக்கு 15.

“ஒப்பந்தம் இருந்தால் வங்கியே குறைத்துப் பிடிக்கும்”

பிடிக்காது. காகிதம் கையில் இல்லாமல் குறைத்துவிட்டால் அந்தப் பாக்கி வங்கியின் தலையில் விழும் என்பதால் அவர்கள் 31.2இலேயே நிற்பார்கள். முதலில் வேண்டியது வரி வசிப்புச் சான்றிதழ். அமீரகத்தில் அதைத் தருவது அந்நாட்டின் கூட்டாட்சி வரி ஆணையம். அடுத்தது நம் வருமான வரித் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டிய, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10எஃப் எனப்பட்ட படிவம். இவற்றோடு பான் நகலும், வங்கி கேட்கும் உறுதிமொழியும் சேரும்.

பலர் சறுக்குவது தேதியில்தான். சான்றிதழ் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று இருக்கும். வங்கியின் கணக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் கடைசிக் காலாண்டு வட்டி மட்டும் முழு விகிதத்தில் பிடிபட்டிருக்கும். துறையின் வரிப் பிடித்த அறிக்கையில் காலாண்டுவாரியாக வட்டியையும் பிடித்ததையும் வகுத்துப் பார்த்தால் எந்தக் காலாண்டில் காகிதம் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்துவிடும். பிடித்து அரசுக்குக் கட்டிய வரியை வங்கி சாதாரணமாகத் திருப்பித் தராது. ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

“12.5 சதவீதம் பிடித்துவிட்டார்கள், கணக்கு முடிந்தது”

அதிகப் பணம் போவது இந்த நம்பிக்கையால்தான். உதாரணமாக ஒருவருக்கு 2024-25 நிதியாண்டில் என்.ஆர்.ஓ. வட்டி 6 லட்சம், இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். காகிதம் கொடுக்காவிட்டால் 1,87,200 ரூபாய் போகும். கொடுத்தால் 75,000. லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பது உச்சவரம்பு மட்டுமே. உள்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம் இரண்டில் எது வரி கட்டுபவருக்குச் சாதகமோ அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 90ஆம் பிரிவு சொல்கிறது. ரூபாய் டெபாசிட் வட்டி சாதாரண வரி அடுக்கில் வரும் வருமானம். அந்த ஆண்டின் புதிய வரி முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம். 6 லட்சத்துக்கு வரி 15,000, செஸ் சேர்த்து 15,600. ஆகவே ஐ.டி.ஆர்.-2 போட்டால் அந்த 75,000இலிருந்தும் 59,400 ரூபாய் திரும்பி வரும்.

“அந்த ஆண்டில் 7 லட்சம் வரை வரியே கிடையாதே, அந்த 15,600 மட்டும் ஏன்?” என்று கேட்பார்கள். அந்தத் தள்ளுபடி 87ஏ பிரிவில் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே தரப்பட்டது. என்.ஆர்.ஐ.க்கு அடுக்கு உண்டு, தள்ளுபடி இல்லை.

வட்டி பெருகினால் தராசு மறுபக்கம் சாயும். 15 லட்சம் வட்டிக்கும் அடுக்கு முறையே லாபம்: 1,45,600 எதிர் 1,87,500. 20 லட்சத்தில் அடுக்கு முறை 3,01,600 ஆகிவிடுகிறது, ஒப்பந்தம் 2,50,000இல் நிற்கிறது. அப்போது ரிட்டர்னிலும் ஒப்பந்த விகிதத்தையே கோர வேண்டும். 2025-26இல் அடுக்குகள் மாறி வரியில்லா வரம்பு 4 லட்சமானது. அதனால் தராசு சாயும் இடம் இன்னும் மேலே போயிருக்கிறது. ஆண்டுதோறும் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

“வாடகைக்கும் இதே சலுகை உண்டு”

இல்லை. அசையாச் சொத்தின் வருமானத்துக்கு ஒப்பந்தம் எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. சொத்து இருக்கும் நாடு தன் சட்டப்படி முழு வரி போடலாம்.

மேலும் இங்கே வரி பிடிக்க வேண்டியவர் குடியிருப்பவர். உள்ளூர் வீட்டுக்காரர் என்றால் மாத வாடகை 50,000 தாண்டினால்தான் அவருக்கு அந்தக் கவலை. வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த வரம்பு கிடையாது. 15,000 வாடகையிலும் மாதம் 4,680 ரூபாய் பிடித்து, டான் எண் வாங்கி, அரசுக்குக் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை பிடித்ததற்கான அறிக்கை போட வேண்டும். வாடகை வாங்கும் அப்பாவின் கணக்கில் பணம் போட்டாலும் உரிமையாளர் மகன் என்றால் கடமை மாறாது. பாவம், குடியிருப்பவர்கள் பலருக்கு இது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிய வருகிறது.

இதற்கும் வழி இருக்கிறது. மகனுடைய மொத்த இந்திய வருமானத்துக்கு உண்மையில் எவ்வளவு வரி வரும் என்று காட்டி, படிவம் 13 மூலம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழைத் துறையிடமே வாங்கலாம் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வழி. அதில் குடியிருப்பவரின் டான் எண்ணும் எந்த நிதியாண்டு என்பதும் இருக்கும். சான்றிதழ் கையில் வரும்வரை பிடிக்க வேண்டியது 31.2தான். அதனால் விண்ணப்பத்தை நிதியாண்டின் தொடக்கத்திலேயே போட வேண்டும், குடியிருப்பவர் மாறினால் மறுபடியும் போட வேண்டும்.