தொடர் வரைபடத்தில் தோன்றும் பொய் இடைவெளி

ஃபியூச்சர்ஸ் எனப்படும் முன்பேர ஒப்பந்தத்துக்கு ஆயுள் உண்டு. நிஃப்டி குறியீட்டின் மாத ஒப்பந்தம், அம்மாதத்தின் காலாவதி நாளன்று முடிந்துவிடும். அதற்குப் பின்னரும் தம் நிலையைத் தொடர விரும்புபவர், நடப்பு மாத ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும். இதுவே ரோல்ஓவர். ஆனால் நாம் திரையில் காணும் பல ஆண்டு வரைபடம் அறுபடாமல் நீள்கிறது. அது ஒரே ஒப்பந்தத்தின் விலை வரலாறு அன்று. மாதந்தோறும் முடிந்த பல ஒப்பந்தங்களை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்த தொடர்ச்சி.

தையல் விழும் இடத்தில் என்ன நேர்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். காலாவதி நாளன்று நிஃப்டி குறியீடு 24,000 புள்ளிகளில் முடிகிறது. முடிவுறும் ஒப்பந்தம் குறியீட்டின் இறுதி மதிப்பிலேயே தீர்க்கப்படுவதால் அதன் விலையும் 24,000. அடுத்த மாத ஒப்பந்தத்தின் விலையிலோ ஒரு மாத நிதிச்செலவு அடங்கியிருக்கும். எதிர்பார்க்கும் ஈவுத்தொகையைக் கழித்தபின் அச்செலவு ஆண்டுக்கு 8% எனக் கொண்டால், ஒரு மாதத்துக்கு 160 புள்ளிகள். ஆகவே அவ்வொப்பந்தம் அதே நாளில் 24,160 என முடிகிறது.

மறுநாள் சந்தை சரிகிறது. குறியீடு 23,960 ஆகவும், புதிய ஒப்பந்தம் 24,120 ஆகவும் முடிகின்றன. ஒப்பந்தத்தை வாங்கி வைத்திருப்பவருக்கு அன்று 40 புள்ளிகள் நட்டம். ஆனால் திருத்தமின்றித் தைத்த வரைபடம் 24,000-இலிருந்து 24,120-க்குத் தாவுகிறது. 120 புள்ளிகள் உயர்ந்ததாகக் காட்டுகிறது. அந்த உயர்வு எவர் கைக்கும் வரவில்லை. வரைபடத்தில் தெரியும் இடைவெளி, சந்தை தந்ததன்று, தையல் தந்தது.

பிழை அந்த ஒரு நாளோடு நிற்பதில்லை. 20 நாள் நகரும் சராசரியை எடுத்துக்கொள்வோம். மாற்றத்தின் முதல் நாளில் அந்தச் சராசரிக்குள் 19 நாள்கள் பழைய ஒப்பந்தத்துக்கு உரியவை. இரு ஒப்பந்தங்களின் வேறுபாடு அந்நாள்கள் முழுதும் 160 ஆகவே இருந்திருந்தால், சராசரி 152 புள்ளிகள் தாழ்வாகக் கணிக்கப்படும். சரியும் சந்தையிலும் விலை சராசரியை மேல்நோக்கிக் கடந்துவிட்டதாகத் தோன்றக்கூடும். பத்தாவது நாளிலும் இப்பிழை 80 புள்ளிகள். இருபதாவது நாளில்தான் முற்றிலும் நீங்கும். அதற்குள் அடுத்த காலாவதி நெருங்கிவிடும்.

வேறுபாடு பெரிதாகும்போது விளைவும் கடுமையாகும். 2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க்கில் மே மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் பீப்பாய்க்கு −37.63 டாலரில் முடிந்தது. ஜூன் ஒப்பந்தம் 20.43 டாலரில் நின்றது. மறுநாள் ஜூன் ஒப்பந்தம் 11.57 டாலருக்கு வீழ்ந்தது. அன்றுமுதல் ஜூன் ஒப்பந்தத்துக்கு மாறிய, திருத்தமற்ற வரைபடத்தில் அது 49.20 டாலர் ஏற்றம். ஜூன் ஒப்பந்தத்தை வைத்திருந்தவருக்கோ 8.86 டாலர் இழப்பு.

இதைச் சரிசெய்ய இரு வழிகள் உள்ளன. முதலாவது, வேறுபாட்டைப் பழைய விலைகள் அனைத்தோடும் கூட்டுவது. நம் கணக்கில் பழைய ஒவ்வொரு விலையும் 160 உயரும். மறுநாளின் 40 புள்ளிச் சரிவு உள்ளபடியே தெரியும். ஆனால் மாதந்தோறும் கூட்டிக்கொண்டே போனால், பல ஆண்டுகளுக்கு முந்தைய விலை சந்தையில் என்றுமே நிலவாத எண்ணாகிவிடும். அதன்மீது கணக்கிடும் விழுக்காடும் தவறும். இரண்டாவது, பழைய விலைகளை இரு விலைகளின் விகிதத்தால், அதாவது 24,160-ஐ 24,000-ஆல் வகுத்து வரும் எண்ணால், பெருக்குவது. இதில் விழுக்காடுகள் மாறா. எனினும் இங்கும் பழைய விலைநிலைகள் உண்மையானவை அல்ல. மேலும், எண்ணெய் விலையைப் போல் ஓர் எண் சுழியத்துக்குக் கீழே போனால் விகிதமே பொருளற்றதாகிவிடும்.

ஆதலால் தேவைக்கேற்ற வரைபடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். சராசரி முதலான சுட்டிகளுக்குத் திருத்திய தொடர் பொருந்தும். பழைய உச்சம் எது, தாழ்வு எது என அறிய, அந்தந்த மாத ஒப்பந்தத்தின் தனி வரைபடத்தையே காண வேண்டும். நாம் காணும் தொடர் திருத்தப்பட்டதா என அறிவதும் எளிது. காலாவதிக்கு மறுநாள் வரைபடத்தின் அசைவை, அதே நாளில் நிஃப்டி குறியீடு அசைந்த அளவோடு ஒப்பிடுக. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கியிருந்தால், அங்கே நாம் காண்பது பெரும்பாலும் தையலே.