முதலில் எழுதியவர் யார்?

விருத்தாசலம் பீங்கான் பொம்மைகள் பற்றி மாணவி எழுதி வைத்திருந்த கட்டுரையை வகுப்புத் தோழர் தம் பெயரில் ஒப்படைத்துவிட்டதாகக் கொள்வோம். களிமண் கூழை ஊற்றும் அச்சு பாரிஸ் சாந்தால் ஆனது. இரண்டு தாள்களிலும் ‘சுண்ணாம்பு அச்சு’ என்றே உள்ளது.

ஒரே பிழை, ஒன்று நகல் என்பதைக் காட்டும். எது நகல் என்று காட்டாது. மாணவியின் குறிப்பேட்டில் ‘வெள்ளை மண்’ என எழுதி அடித்து, மேலே ‘சுண்ணாம்பு’ எனத் திருத்தப்பட்டுள்ளது. பிழை பிறந்த இடம் அதுவே. பக்கத்தில் ஆசிரியரின் தேதியிட்ட சுருக்கொப்பம் இருந்தால் ஐயமில்லை. ஆகவே மாணவி அந்த வரைவைத் திருத்தாமல், புதிதாகப் படியெடுக்காமல், அப்படியே ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டம், 1957 வெளிவராத எழுத்தையும் காக்கிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் தலைப்பும் கருத்தும் எவருக்கும் தனியுரிமையல்ல.