இரண்டாவதாக எடுப்பவருக்கு நட்டமா?

ஒன்ராறியோவின் 2020 கணிதப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பிலேயே சார்ந்த நிகழ்வுகள் வந்துவிடுகின்றன. மகளின் அந்த வீட்டுப்பாடத்தோடுதான் எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் ஒரு மாபிள் பை வந்தது. உள்ளே 5 சிவப்பு, 3 நீலம். ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுக்கவேண்டும்.

நம்பிக்கை: பை அதேதான். ஆகவே முதலில் எந்த நிறம் வந்தது என்று தெரிந்தாலும் இரண்டாம் முறையும் சிவப்புக்கு 5/8.

பையில் இப்போது 7 தானே இருக்கிறது! முதலில் வந்தது சிவப்பென்றால் மிச்சம் 4 சிவப்பு, 3 நீலம். மரவரிப்படத்தின் அந்தக் கிளையில் 4/7, 3/7 என்று எழுதவேண்டும். முதலில் நீலம் என்றால் 5/7, 2/7. பிள்ளைகள் பலர் கீழே உள்ள 8-ஐ 7 ஆக்கிவிட்டு மேலே உள்ள 5-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். பிழையைப் பிடிக்க ஒரு வழி: ஒரே கணுவிலிருந்து பிரியும் கிளைகளைக் கூட்டினால் 1 வரவேண்டும். 5/7-உம் 3/7-உம் அதைத் தாண்டிவிடும்.

நம்பிக்கை: முதலில் எடுப்பவருக்கே சிவப்பு கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இதில் வளர்ந்தவர்களும் வழுக்குவார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன். மகள் மரவரிப்படத்தின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பெருக்கினாள்: சிவப்பு–சிவப்பு 20/56, சிவப்பு–நீலம் 15/56, நீலம்–சிவப்பு 15/56, நீலம்–நீலம் 6/56. இரண்டாவது சிவப்பாக முடியும் பாதைகள் இரண்டு. 20-உம் 15-உம் 35. அதாவது 35/56, சுருக்கினால் அதே 5/8.

"அப்ப 4/7 எங்கயப்பா போனது?" என்றாள்.

நான் ஒரு மாபிளை எடுத்துப் பார்க்காமலே பொத்திக்கொண்டேன். அவளும் ஒன்றை எடுத்தாள். என் கை மூடியிருக்கும்வரை அவளுக்கு 5/8. எட்டில் எதுவும் அவள் கைக்கு வந்திருக்கலாம். என் கையைத் திறந்து நிறத்தைக் காட்டினால்தான் அது 4/7 ஆகவோ 5/7 ஆகவோ மாறும். லொட்டோ 6/49 குலுக்கலிலும் விழுந்த எண் திரும்ப விழுவதில்லை. ஆனாலும் உங்கள் எண் ஆறாவதாக விழும் வாய்ப்பு, முதலாவதாக விழும் வாய்ப்பைப் போலவே 1/49.

நம்பிக்கை: முதல் மாபிளைப் பற்றி இரண்டாவது எதுவும் சொல்லாது.

மகள் தன் கையை முதலில் திறந்தாள். சிவப்பு. இனி அந்த 35 பங்குக்குள் மட்டும் பார்த்தால் போதும். அதில் என்னுடையதும் சிவப்பானவை 20. எனவே மூடிய என் கைக்குள் சிவப்பு இருக்கும் வாய்ப்பு 5/8-இலிருந்து 20/35-க்கு, அதாவது 4/7-க்கு, இறங்கிவிட்டது. கைக்குள் இருந்த மாபிள் மாறவில்லை; அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததுதான் மாறியது.

விரித்தேன். நீலம்.