மணியில் விலை, புள்ளியில் அளவு

திருவண்ணாமலையில் வீட்டிலிருந்து வெப்சைட் வேலை செய்யும் எனக்கு இப்போது நான்கு க்ளையன்ட்கள். செங்கம் சாலைப் பக்கம் ஒரு லாட்ஜ், ஒரு சின்ன உணவகம், ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடை, வெளியூர் பக்தர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் ஒரு டிராவல்ஸ். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “தம்பி, மொத்தமா எவ்வளவு ஆகும்?” அதற்கு மணிக்கணக்கில் யோசித்துப் பதில் சொன்னபோதெல்லாம் குறைத்தே சொல்லியிருக்கிறேன். பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் ஸ்டோரி பாயின்ட் முறையை அப்படியே எடுத்து வந்தபோது வேறு விதமாகத் தடுமாறினேன். இரண்டையும் எங்கே, எந்த வரிசையில் வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

புள்ளி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதிய குழுவில் ரான் ஜெஃப்ரீஸ் இருந்தார். யாரும் குறுக்கே வராமல் உட்கார்ந்தால் இந்த வேலை எத்தனை நாள் என்று முதலில் கணக்கிட்டார்கள். நிஜத்தில் அதைப்போல மூன்று மடங்கு நாள் ஆனது. ‘மூன்று நாள் வேலைக்கு ஏன் ஒன்பது நாள்?’ என்று நிர்வாகம் குழம்பியது. அதனால் ‘நாள்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் ‘புள்ளி’ என்றார்கள். அந்த முறையை எல்லோரும் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்துப் பின்னாளில் ஜெஃப்ரீஸே அதற்காக வருத்தம் தெரிவித்து எழுதினார். ஒரே குழு ஒரே வேலைப் பட்டியலை வாரக்கணக்கில் செய்யும் இடத்துக்காகத்தான் புள்ளி உருவானது. தனி ஆளாக நான்கு பேருக்கு வேலை செய்பவர் அதை மாற்றித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, நேரத்தை எழுதி வைப்பது. குறைந்தது பத்து வேலை முடியும்வரை, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் கால் மணிக் கணக்கில் குறியுங்கள். போனில் பேசியது, வாட்ஸ்அப்பில் படம் வாங்கியது, திரும்பத் திரும்ப எழுத்து நிறம் மாற்றியது எல்லாம் அதில் வரட்டும். ‘கோடு எழுதிய நேரம்’ மட்டும் எழுதினால் இந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது.

அடுத்தது அளவுகோல். நன்றாக நினைவிருக்கும் இரண்டு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு, வெப்சைட்டில் விசாரணைப் படிவம் சேர்ப்பது 2 புள்ளி. ஆன்லைன் பணம் வாங்கும் வசதியை இணைப்பது 5 புள்ளி. புதிதாக வரும் எந்த வேலையையும் இந்த இரண்டோடு ஒப்பிட்டு 1, 2, 3, 5, 8 என்பதில் ஒன்றைக் கொடுப்பேன். 8-ஐத் தாண்டினால் அந்த வேலை எனக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள், பிரித்துவிடுவேன். நான்கு க்ளையன்ட்டுக்கும் ஒரே அளவுகோல்தான். ஆளுக்கொரு அளவு வைத்தால் ஒருவர் வேலையை இன்னொருவர் வேலையோடு ஒப்பிடவே முடியாது. புள்ளி போடும்போது மணியை நினைக்கவே கூடாது. ‘ஆறு மணி நேரம் ஆகும், அதனால் 3’ என்று போட்டால் பழைய தவறே வேறு பெயரில் வந்து நிற்கும்.

மூன்றாவதாக, முடிந்த பத்து வேலைகளுக்கும் அதே அளவுகோலில் புள்ளி போட்டு ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். C-யில் புள்ளி, D-யில் ஆன மணி, E-யில் மணியைப் புள்ளியால் வகுத்தது.

```
=SUM(D2:D11)/SUM(C2:C11)
=SMALL(E2:E11,8)
```

முதல் வரி, சராசரியாக ஒரு புள்ளிக்கு எத்தனை மணி என்று சொல்லும். இரண்டாவது வரி, பத்தில் எட்டு வேலைகள் எந்த அளவுக்குள் முடிந்தன என்று சொல்லும். எனக்கு மொத்தம் 34 புள்ளிக்கு 85 மணி ஆகியிருந்தது. சராசரி 2.5, எட்டாவது மதிப்பு 3.2.

இதை லாட்ஜ் வேலையில் வைத்துப் பாருங்கள். பௌர்ணமி இரவுக்குத் தனி வாடகை, குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்று புக்கிங் பக்கத்தில் சேர்க்கச் சொன்னார் உரிமையாளர். என் மனம் சட்டென்று சொன்னது ஆறு மணி நேரம். ஆனால் அளவுகோலோடு ஒப்பிட்டபோது படிவத்தைவிட மிகப் பெரிது, பணம் வாங்கும் வசதிக்குச் சமம், 5 புள்ளி. சராசரிப்படி 12.5 மணி, எட்டாவது மதிப்புப்படி 16 மணி. மணிக்கு 500 ரூபாய் வைத்து, மேல் எல்லைக்கே 8,000 ரூபாய் என்று ஒரே தொகையாகச் சொன்னேன். எந்தெந்த மாற்றங்கள் அதில் சேராது என்றும் எழுதிக் கொடுத்தேன்.

ஆனது 14 மணி. ஆறு மணி என்று தோன்றியதற்கும் இதற்கும் இடையில் இருந்தது திதி. பௌர்ணமி திதி ஒரு நாள் நடுவில் தொடங்கி மறுநாள் முடியும். கிரிவலம் வருபவர் எந்த இரவு அறை கேட்பார்? சில மாதம் முதல் இரவு, சில மாதம் இரண்டும். கணக்கிட்டுக் காட்டலாம் என்று தொடங்கி, உரிமையாளரே மாதந்தோறும் தேதியைக் குறிக்கும் பக்கமாக மாற்றினேன். மணியாக யோசிக்கும்போது எல்லாம் சரியாக நடப்பதாகவே மனம் கற்பனை செய்கிறது. ஏற்கெனவே செய்த வேலையோடு ஒப்பிடும்போது அப்போது பட்ட பாடும் அளவுக்குள் வந்துவிடுகிறது.

இந்த ஷீட்டில் எனக்கு அதிகம் பயன்பட்டது வேறொன்று. அதே 85 மணியைக் க்ளையன்ட் வாரியாகப் பிரித்தேன். லாட்ஜ் 12 புள்ளிக்கு 27 மணி, உணவகம் 8 புள்ளிக்கு 18, பட்டுக்கடை 9 புள்ளிக்கு 22. மூன்றிலும் புள்ளிக்கு இரண்டரை மணிக்குள். டிராவல்ஸ் மட்டும் 5 புள்ளிக்கு 18 மணி, அதாவது 3.6. அங்கே வேலை கடினமில்லை. மூன்று பேர் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் கருத்துச் சொல்வார்கள். ஒருவர் சரி என்றதை மற்றவர் மாற்றச் சொல்வார். இதற்காக அவர்களுடைய வேலைக்குப் புள்ளியைக் கூட்டிப் போடாதீர்கள்; அளவுகோல் கெட்டுவிடும். புள்ளி வேலையின் அளவு மட்டுமே. ஆளால் வரும் கூடுதல் நேரத்தை மணியில், விலையில் சேருங்கள். இப்போது டிராவல்ஸுக்கு 3.6-ஐ வைத்தே தொகை சொல்கிறேன். ஒருவர் மட்டும் ஒப்புதல் தந்தால் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

புள்ளியைக் க்ளையன்ட்டிடம் காட்டவே வேண்டாம். ஒருமுறை காட்டினேன், “5-ஐ 3-ஆகப் போட்டுக்கோங்க” என்று பேரம் தொடங்கியது. அவர்களுக்குத் தொகையும் தேதியும் போதும்.

ஏற்கெனவே மூன்று முறை செய்த வேலைக்கும், ஒரு மணிக்குள் முடியும் திருத்தங்களுக்கும் புள்ளி தேவையில்லை. அவற்றுக்கு மணியே சரி. சின்னத் திருத்தங்களைச் சேர்த்து வைத்து வாரம் ஒரு நாள் செய்தால் ஒருவர் வேலையிலிருந்து இன்னொருவர் வேலைக்குத் தாவும் நேரம் மிச்சம்.

கடைசியாக வாரத்தின் கொள்ளளவு. என் குறிப்பின்படி வாரத்தில் காசாகும் நேரம் 24 மணிதான். 2.5-ஆல் வகுத்தால் நால்வருக்கும் சேர்த்து 9 புள்ளி. புது வேலை வந்தால், அந்த வாரத்தில் 9-இல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் தேதி சொல்வேன். பௌர்ணமி வாரத்தில் 6 மட்டுமே வைக்கிறேன், ஏனென்றால் லாட்ஜும் டிராவல்ஸும் அந்த நாட்களில் போனை எடுப்பதில்லை. கார்த்திகை தீபத்தின்போது ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைத்துவிடும். க்ளையன்ட் கடைக்குப் போய் உட்காரவும் முடியாது. அந்த வாரத்துக்கு ஷீட்டில் சுழியம் போட்டுவிட்டு, அதற்கு முந்தைய வாரத்தில் முடியும் தேதியைச் சொல்லிவிடுகிறேன்.