பன்னிரண்டு பேருக்கு ஒரு பிடிஎஃப்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் 12 பேர். இணையத்தில் இறக்கிய நாவல் ஒன்றை எல்லோருக்கும் அனுப்ப, அதன் ஆசிரியரிடம் எப்படி அனுமதி கேட்பது? – வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் கோப்பின் தொடக்கப் பக்கங்களைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று போட்டிருந்தால் கடிதமே வேண்டாம், காசு வாங்காமல் அப்படியே அனுப்பலாம். உங்கள் ஊர் கு.ப.ரா. 1944இல் மறைந்தவர், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற கணக்கில், அவர் வாழ்நாளில் வெளியான கதைகளுக்குக் காப்புரிமை 2004உடன் முடிந்துவிட்டது; அவற்றுக்கும் அனுமதி வேண்டாம்.

நீங்கள் கேட்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதால் சுருக்கமாக எழுதுங்கள்:

"ஐயா, வணக்கம். தங்கள் நாவலைத் தை அறுவடை முடிந்ததும் எங்கள் வட்டத்தில் பேசவிருக்கிறோம். இணையத்தில் கிடைத்த பிரதி ஒன்று என்னிடம் உள்ளது. அதை 12 பேருக்கு மட்டும், கூட்டம் முடியும்வரை, இலவசமாகத் தரலாமா? மின்னூல் உரிமை தங்களிடமா, பதிப்பகத்திடமா?"

கோப்பு கிடைத்த இடத்தை மறைக்காதீர்கள். திருட்டுப் பிரதி என்றால் அதை நீக்கச் சொல்லி, நல்ல பிரதியை அவரே அனுப்பவும் கூடும். கடைசிக் கேள்விதான் முக்கியம். உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தால், அவர் மனமுவந்து 'சரி' என்றாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் இந்தியச் சட்டப்படி அது ஐந்தாண்டுதான். பழைய நாவலானால் உரிமை அவரிடமே திரும்பியிருக்கலாம்.

பதில் வரவில்லையா? மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு; இதற்கு இல்லை. இரண்டு அச்சுப் பிரதி வாங்கிக் கைமாற்றிப் படியுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.